இன்ஃபோசிஸின் இரண்டு மெயில்கள்: சைடு வேலையில் எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்

2022 செப்டம்பரில் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியது. "இரட்டை வாழ்க்கை கிடையாது" என்ற பொருளில் ஒரு தலைப்பு. உள்ளே, மூன்லைட்டிங், அதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே வெளியே இன்னொரு வேலை பார்ப்பது, கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை வரும், வேலையே போகலாம் என்று இருந்தது. அடுத்த மாதமே அதே நிறுவனத்திலிருந்து இன்னொரு மெயில் வந்தது. அதில், கிக் வேலை, அதாவது அவ்வப்போது எடுத்து முடிக்கும் தனி வேலை, செய்ய விரும்புகிறவர்கள் தங்கள் மேலாளரிடமும் மனிதவளப் பிரிவில் தங்களுக்குப் பொறுப்பானவரிடமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டு, சொந்த நேரத்தில், இன்ஃபோசிஸோடும் அதன் வாடிக்கையாளர்களோடும் போட்டி போடாத நிறுவனங்களுக்குச் செய்யலாம் என்று எழுதியிருந்தது. நடுவில் ஆறு வாரம்கூட இல்லை. நிறுவனம் பல்டி அடித்துவிட்டது என்றுதான் அப்போது பலர் பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. விதி மாறவே இல்லை, அதை எடுத்துச் சொன்ன விதம்தான் மாறியது. சைடு வேலை பற்றி ஊழியர்களுக்கு அறிவிப்பு எழுதுகிறவர்களும், அப்படி ஓர் அறிவிப்பு இன்பாக்ஸில் வந்து விழுந்ததும் என்ன செய்வது என்று குழம்புகிறவர்களும் இந்த இரண்டு மெயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலில் அந்த நேரத்துச் சூழல். கொரோனாவுக்குப் பிறகு ஐடி ஊழியர்களில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்விக்கி, ஊழியர்கள் அலுவலக நேரத்துக்கு வெளியே, வேலை பாதிக்காமல், நலன் முரண்பாடு இல்லாமல் வெளி வேலை எடுக்கலாம் என்று கொள்கையே வெளியிட்டது. அதே மாதம் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, மூன்லைட்டிங் என்பது சுத்தமான ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் எழுதினார். செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை செய்துகொண்டிருந்த 300 பேரைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டோம் என்று ஒரு கூட்டத்தில் அவரே சொன்னார். அந்தச் சில வாரங்களில் சென்னை ஓஎம்ஆரிலும் பெங்களூரிலும் வார இறுதியில் இணையதளம் செய்து கொடுப்பவர், மாலையில் பாடம் எடுப்பவர், மொழிபெயர்ப்பவர் என்று எல்லோருக்குமே ஒரு பயம் வந்துவிட்டது. தான் அந்த 300 பேர் மாதிரியா, இல்லை வேறு மாதிரியா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் மெயிலும் அதைச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பதில் ஊழியர்களின் நியமனக் கடிதத்திலேயே இருந்தது. முதல் மெயில் மேற்கோள் காட்டிய பிரிவின் சாரம் இதுதான்: வேறு எந்த நிறுவனத்திலும் முழு நேரமாகவோ பகுதி நேரமாகவோ, இயக்குநர், பங்குதாரர், ஊழியர் என எந்தப் பெயரிலும், இன்ஃபோசிஸின் ஒப்புதல் இல்லாமல் வேலை ஏற்கக்கூடாது. ஒப்புதல் கொடுத்தால் அதற்கு நிபந்தனை போடலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். "ஒப்புதல் இல்லாமல்" என்ற அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். இது தடை கிடையாது, கேட்டுச் செய் என்கிற விதி. ஆனால் மெயிலின் தலைப்பும் தொனியும் தண்டனையும் சேர்ந்து அதை முழுத் தடையாகக் காட்டிவிட்டன. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்று ஒரு வரியும் இல்லை. கேட்பதற்கு வழி தெரியாவிட்டால் மனிதர்கள் கேட்க மாட்டார்கள். வேலையை விடவும் மாட்டார்கள், மறைத்துச் செய்வார்கள். அப்புறம் மாட்டும்போது, செய்த வேலையைவிட அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாக நிற்கும். முதல் மெயிலின் உண்மையான பிழை இதுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது மெயில் என்ன சரிசெய்தது? யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னது: மேலாளர், மனிதவளம், இருவருமே. எப்போது செய்யலாம் என்று சொன்னது: சொந்த நேரத்தில். யாருக்குச் செய்யக்கூடாது என்று சொன்னது: நமக்கோ நம் வாடிக்கையாளருக்கோ போட்டியாக இருப்பவருக்கு. கூடவே, இரட்டை வேலைவாய்ப்பை ஆதரிக்கவில்லை என்பதையும் திரும்பச் சொன்னது. அதாவது கிக் வேலை ஒரு பக்கம், இரண்டாவது வேலைவாய்ப்பு ஒரு பக்கம் என்று கோடு போட்டது. கோடு போட்டதே தவிர, கிக் வேலை என்றால் எது என்று அந்த மெயிலும் விளக்கவில்லை. அந்த இடைவெளியை ஊழியர்தான் தன் பக்கத்திலிருந்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

மூன்று நிபந்தனைகளில் ரொம்பக் கடினமானது வாடிக்கையாளர் பற்றியதுதான். மேலோட்டமாகப் படித்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்துக்கு வங்கி, காப்பீடு, சில்லறை வணிகம், மருந்து, வாகனம், தொலைத்தொடர்பு என்று எல்லாத் துறையிலும் வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். நீங்கள் வார இறுதியில் உதவப்போகிற சின்ன நிறுவனம் அவர்களில் யாருக்காவது போட்டியா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உங்கள் டீம் லீடுக்கும் பெரும்பாலும் தெரியாது, அவருக்குத் தன் புராஜெக்ட் மட்டும்தான் தெரியும். முழுப் பட்டியலைப் பார்த்துச் சொல்லக்கூடியது நிறுவனம்தான். அதனால்தான் ஒப்புதல் என்பது இங்கே வெறும் மரியாதைக்காக வைத்த சடங்கு இல்லை, அந்தச் சரிபார்ப்பு நடக்க வேறு வழியே கிடையாது. மேலாளர் காபி குடிக்கும்போது "சரி, செய்யுங்க" என்று சொன்னது ஒப்புதல் ஆகாது என்பதற்கும் இதுதான் காரணம்.

ஒரு சேவை நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்க்கும் டெஸ்டிங் இன்ஜினியர் ஒருவரை வைத்து இதைப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் இதே மாதிரிக் கேள்விகள்தான் எப்போதும் வரும். அவருடைய இப்போதைய வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டு வங்கி. நியமனக் கடிதத்தில் மேலே சொன்னது போன்ற பிரிவு இருக்கிறது. அவர் முன்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறார், விளம்பரத்தில் கொஞ்சம் பணம் வர ஆரம்பித்திருக்கிறது. அவருடைய சித்தப்பா திருச்சியில் நடத்தும் பாத்திரக் கடைக்கு பில்லிங் செயலி ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரி நண்பர் ஆரம்பித்திருக்கும் கடன் கொடுக்கும் ஸ்டார்ட்அப்பில் மூன்று மாதம், மாதம் 40,000 ரூபாய்க்கு டெஸ்டிங் செய்து தரக் கேட்டிருக்கிறார்கள்.

சமையல் சேனலில் போட்டியும் இல்லை, முதலாளியும் இல்லை. பல நிறுவனங்கள் இதற்கு அனுமதி கேட்பதில்லை, சில நிறுவனங்கள் வருமானம் வந்தால் தெரிவி என்கின்றன. அங்கே நடக்கிற தவறு வேறு மாதிரியானது: வீடியோவின் பின்னணியில் அலுவலகத் திரை தெரிவது, ஐடி கார்டோடு பேசுவது, நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நம்பகத்தன்மை தேடுவது. அடுத்து, வீட்டுப் பொருள் விற்கும் ஒரு பிராண்டின் விளம்பரம் வந்தால் அந்த பிராண்ட் தன் நிறுவனத்தின் வாடிக்கையாளரோ, வாடிக்கையாளருக்குப் போட்டியோ என்ற கேள்வி எழும். ஒரு வரி மெயில் போட்டுத் தெரிவித்துவிட்டால் போதும், இதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை.

சித்தப்பா கடைச் செயலிதான் எல்லோரும் பிரச்சினையே இல்லை என்று நினைப்பது. பணம் வாங்கவில்லை, சொந்தக்காரருக்கு உதவி. ஆனால் இங்கே கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை, அந்தச் செயலியின் நிரல் யாருக்குச் சொந்தம் என்பது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் ஒரு பகுதியாக உருவாக்கியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, சொந்தக் கணினியில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் எழுதிய செயலி சட்டப்படி அந்த வரையறைக்குள் வராது என்று வாதாடலாம். ஆனால் பல நியமனக் கடிதங்களில் இதைவிட அகலமான பிரிவு இருக்கும்: பணியில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாக் கண்டுபிடிப்பும் மென்பொருளும் நிறுவனத்துக்கே என்று. கையெழுத்துப் போடும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. நம்ம இன்ஜினியர் அந்தச் செயலியை அலுவலக லேப்டாப்பில் எழுதினால் வாதாட இருந்த இடமும் போய்விடும், ஏனென்றால் கருவியும் அவர்களுடையது, பதிவும் அவர்களிடம். அலுவலக டெஸ்ட் ஸ்கிரிப்ட் ஒன்றை "சும்மா டெம்ப்ளேட்டுக்காக" காப்பி செய்து தன் ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. சைடு வேலை என்ற பேச்சே அங்கே வராது, தகவலை வெளியே கொண்டுபோனார் என்ற குற்றச்சாட்டுதான் வரும். பெரிய நிறுவனங்களில் இப்படி வெளியே போகும் கோப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே இந்தச் செயலிக்கு ஒப்புதல் கேட்கும்போது, செய்யலாமா என்று மட்டும் கேட்காமல், இதன் உரிமையை நிறுவனம் கோராது என்ற ஒரு வரியையும் சேர்த்து வாங்க வேண்டும். திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். ஸ்டார்ட்அப் கடன் கொடுக்கிறது, வாடிக்கையாளர் வங்கி. அந்த வங்கி இந்தியாவில் கடனே கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் வேறொரு பிரிவு ஏதாவது ஓர் இந்திய வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ வேலை செய்துகொண்டிருக்கலாம். அதை இவரால் தெரிந்துகொள்ள முடியாது, கேட்டே ஆக வேண்டும். நண்பரின் நிறுவனம் இன்னும் பத்துப் பேர்கூட இல்லாதது என்பதெல்லாம் இங்கே உதவாது.

அடுத்து, எப்படிச் சேருகிறார் என்பது. நண்பர் நல்ல எண்ணத்தில், "பேரோலில் போட்டுவிடுகிறேன், பிஎஃப்பும் வரும்" என்கிறார். இங்கேதான் கிக் வேலை இரட்டை வேலைவாய்ப்பாக மாறுகிறது. பிஎஃப் கணக்குக்கு ஓர் ஆளுக்கு ஒரே யுஏஎன் எண்தான். ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்கள் அந்த எண்ணில் பணம் கட்டினால் பாஸ்புக்கில் இரண்டும் பதிவாகும். அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் பணி வரலாறு கேட்பார்கள், அதில் தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதற்காகப் பேரோல் வேண்டாம், இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வது சரிதான், ஆனால் காகிதத்தில் ஃப்ரீலான்ஸ் என்று எழுதினால் மட்டும் போதாது. தினமும் காலை பத்து மணிக்கு அவர்களுடைய மீட்டிங்கில் உட்கார வேண்டும், லீவு எடுத்தால் சொல்ல வேண்டும், மாதச் சம்பளம் மாதிரி நிலையான தொகை, முடிவுத் தேதி இல்லை என்றால் அது நடைமுறையில் இரண்டாவது வேலைதான், பெயர் எதுவாக இருந்தாலும். இந்த இன்ஜினியர் கேட்டு வாங்க வேண்டியது இது: மூன்று மாதம் என்று முடிவுத் தேதி, என்னென்ன டெஸ்ட் செய்து தருவது என்ற பட்டியல், வார இறுதியில் மட்டும்.

வருமான வரியில் மறைக்க நினைப்பது இன்னொரு தவறு. மூன்று மாதத்துக்கு 1,20,000 ரூபாய். தொழில்முறைக் கட்டணமாகக் கொடுக்கும்போது ஸ்டார்ட்அப் பத்து சதவீதம், அதாவது 12,000 ரூபாய், பிடித்துக் கட்டும். அது இவருடைய வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்து உட்காரும். அலுவலகம் கொடுக்கும் ஃபார்ம் 16இல் இது இருக்காது, ஆகவே இவர் வழக்கம்போல ஐடிஆர் 1 போட்டால் தவறாகிவிடும். தொழில் வருமானம் இருப்பதால் படிவம் மாறும். தகவல் தொழில்நுட்பம் உட்படக் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு, வந்த தொகையில் பாதியை லாபமாகக் காட்டி எளிமையாகக் கணக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதில் போனால் 60,000 ரூபாய் சம்பளத்தோடு சேரும். ஜிஎஸ்டி பதிவு பற்றி இந்த அளவில் கவலை வேண்டாம். சேவைகளுக்குப் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், சம்பளம் அந்தக் கணக்கில் சேராது.

நேரம் பற்றி ஒன்று. "சொந்த நேரம்" என்று மெயில் சொல்வதை ஆறு மணிக்குப் பிறகு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அழைத்தால் உடனே வேலைக்கு வர வேண்டிய ஆன்கால் முறை இருந்தால் அந்த சனிக்கிழமை உங்கள் சொந்த நேரம் கிடையாது. உடம்பு சரியில்லை என்று எடுத்த லீவும் கிடையாது. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் மாதங்களும் கிடையாது, அதற்கும் சம்பளம் வருகிறது. பெஞ்சில் இருக்கும்போது பகலில் வெளி வேலை செய்தால் எளிதில் மாட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் திடீரென்று ஒரு கிளையண்ட் இன்டர்வியூ வரும், ஆள் வரமாட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2022இல் இந்தச் சண்டை நடந்தபோது எல்லோரும் காட்டியது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவை. அது, ஏற்கெனவே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த நாளில் அதே தொழிலாளி இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தடுத்தது. நோக்கம் தொழிலாளியின் உடம்பைக் காப்பாற்றுவது. மென்பொருள் அலுவலகத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அந்த டிசம்பரில் மக்களவையில் தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னபோது எடுத்துக்காட்டியது 1946 நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதியை. அதன்படி தொழிலாளி, தான் வேலை செய்யும் நிறுவனத்தின் நலனுக்கு எதிராக வேலை செய்யக்கூடாது; முதலாளியின் நலனைப் பாதிக்கக்கூடிய கூடுதல் வேலையை ஏற்கக்கூடாது. பாதிக்கக்கூடிய என்பதுதான் இதில் முக்கியம். எல்லாக் கூடுதல் வேலையையும் அது தடுக்கவில்லை. அதனால் நடைமுறையில், ஐடி ஊழியருக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். தொழில் செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வேலையை விட்ட பிறகு வரும் கட்டுப்பாடுகளில்தான் அது பெரிதாக உதவும். வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1967இலேயே ஒரு நூற்பாலை வழக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

நல்ல அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டுவது ஒரு பழைய அரசாங்க விதியை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 15ஆவது விதி. கட்டுப்பாட்டில் ஐடி நிறுவனங்களைவிட அது எவ்வளவோ கடுமையானது: முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ கூடாது, குடும்பத்தினர் நடத்தும் காப்பீட்டு முகவாண்மைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுகூடக் கூடாது. ஆனால் அதே விதி, அனுமதியே இல்லாமல் எதையெல்லாம் செய்யலாம் என்றும் சொல்கிறது: ஊதியமில்லாத சமூகப் பணி, அறப்பணி, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணி, அமெச்சூர் விளையாட்டு, இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்களை நடத்துவதில் பங்கு, தேர்தல் மூலம் வரும் பதவியாக இல்லாதவரை. சங்க வேலையில் ஈடுபட்டால் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தால் போதும்; எதுவானாலும் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். கேட்டுச் செய்வது, செய்துவிட்டுத் தெரிவிப்பது, கேட்காமலே செய்வது என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கதை எழுதும் குமாஸ்தாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் கணக்கருக்கும் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று புரியும். இன்ஃபோசிஸின் இரண்டாவது மெயிலில் இந்த நடுப்பகுதி, அதாவது தெரிவித்தால் போதும் என்ற வகை, இல்லை. இருந்திருந்தால் சமையல் சேனலுக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஒரே படிவத்தை நிரப்ப வேண்டிய நிலை வந்திருக்காது.

நம்ம இன்ஜினியர் கடைசியில் அனுப்ப வேண்டிய மெயில் இப்படி இருக்கலாம். மேலாளர், மனிதவளம் இருவருக்கும் ஒரே மெயிலில் போக வேண்டும், தனித்தனியாகப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

"நியமனக் கடிதத்தில் உள்ள பிரிவின்படி ஒப்புதல் கேட்கிறேன். வேலை: இந்த நிறுவனத்துக்கு (பெயர், தொழில்) மொபைல் செயலி டெஸ்டிங். காலம்: இந்தத் தேதி முதல் மூன்று மாதம். நேரம்: ஆன்கால் இல்லாத சனி, ஞாயிறு மட்டும், வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குள். பணம்: மாதம் 40,000, இன்வாய்ஸ் மூலம். நான் அங்கே ஊழியரோ இயக்குநரோ பங்குதாரரோ இல்லை. அலுவலகக் கணினி, மென்பொருள் உரிமம், கோப்பு எதையும் பயன்படுத்த மாட்டேன். இந்த நிறுவனம் நமக்கோ நம் வாடிக்கையாளருக்கோ போட்டியா என்று சரிபார்த்துச் சொல்லவும். பதில் வரும்வரை வேலையைத் தொடங்க மாட்டேன்."

கடைசி இரண்டு வரிகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதில் வராத மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தொடங்கியவர்களுக்கு விசாரணையில் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் அதே மெயிலில் நினைவூட்ட வேண்டும், புது மெயில் வேண்டாம். பதில் "இல்லை" என்று வந்தால் எந்தக் காரணத்துக்காக என்று கேட்கலாம். வாடிக்கையாளர் முரண்பாடு என்றால் வேறு துறை வேலையைத் தேடலாம். ஒப்புதல் கிடைத்தால் அந்த மெயிலின் நகலை அலுவலக இன்பாக்ஸில் மட்டும் விடாமல் அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கணக்கை முடக்கும் நாளில் இன்பாக்ஸும் போய்விடும். அப்புறம், அந்த ஒப்புதல் அன்றைய புராஜெக்ட்டை வைத்துக் கொடுத்தது. இரண்டாவது மாதத்தில் வங்கியிலிருந்து இவரைக் கழற்றி ஓர் இந்தியக் கடன் நிறுவனத்தின் வேலையில் போட்டால், பழைய ஒப்புதல் கையில் இருந்தாலும், புது வாடிக்கையாளரின் முதல் மீட்டிங்குக்கு முன்னால் இன்னொரு மெயில் போக வேண்டும்.